பங்கிலாபத்தைக் குறைத்தால் விலை ஏன் விழுகிறது? சமிக்ஞையா, வாடிக்கைக் குழுவா? (கட்டுரை வினா)

மாங்குளத்து மாணவி:

நிதி முகாமைத்துவப் பாடத்தில் கடந்த ஆண்டு வந்த வினா இது: “பங்கிலாபக் கொள்கை நிறுவனத்தின் பெறுமதியை மாற்றுகிறதா? சமிக்ஞைக் கோட்பாட்டையும் வாடிக்கைக் குழுக் கோட்பாட்டையும் பங்கு மீள்கொள்வனவோடு சேர்த்துச் சமநிலையாக ஆராய்க.” 25 புள்ளிகள்.

நான் எழுதிப் பார்த்த விடையில், பங்கிலாபக் கொள்கை பெறுமதியை மாற்றாது என்று மில்லர், மொடிக்லியானி 1961இல் சொன்னது ஒரு பக்கம், சமிக்ஞை ஒரு பக்கம், வாடிக்கைக் குழு ஒரு பக்கம், மீள்கொள்வனவு அரைப் பக்கம். கடைசியில் “இரண்டு கோட்பாடுகளுமே முக்கியமானவை” என்று முடித்தேன். விரிவுரையாளர் ஓரத்தில் “விவரித்திருக்கிறாய், விவாதிக்கவில்லை” என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார்.

என் சிக்கல் இதுதான். பங்கிலாபம் குறைந்தால், உள்ளே ஏதோ சரியில்லை என்று முகாமை தரும் செய்தியாகச் சந்தை அதை எடுத்துக்கொள்ளும், விலை விழும் என்று சமிக்ஞைக் கோட்பாடு சொல்கிறது. பங்கிலாபத்துக்காகவே பங்கு வைத்திருந்த பழைய பங்குதாரர்கள் விற்றுவிட்டுப் போவதால் விலை விழும் என்று வாடிக்கைக் குழுக் கோட்பாடும் சொல்கிறது. இரண்டும் ஒரே விளைவைச் சொன்னால் எதை வைத்து எதை எடைபோடுவது? பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.

ஒட்டுசுட்டான் பங்குப்பித்தன்:

தங்கச்சி, இதைப் போய்ச் சிக்கலாக்குகிறீர்களே. கொழும்புப் பங்குச் சந்தையில் நான் கைத்தொலைபேசியிலேயே வாங்கி விற்கிறேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பங்கிலாபம் கூடினால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும். அது சமிக்ஞை. நிறுவனம் தன் பங்குகளையே திருப்பி வாங்கும் மீள்கொள்வனவு அதைவிட மேல். பங்குகளின் எண்ணிக்கை குறைகிறது, இலாபம் அப்படியே இருக்கிறது, ஆகவே ஒரு பங்குக்கான உழைப்பு கூடுகிறது, விலையும் கூடத்தான் வேண்டும். “மீள்கொள்வனவு பெறுமதியைக் கூட்டும்” என்று துணிந்து எழுதுங்கள்.

ஐந்தொகை (வவுனியா):

தம்பி, முதல் பாதி சரி. அறிவிப்பு நாளில் விலை அப்படித்தான் அசைகிறது, அதற்கு ஆய்வுகள் நிறையவே இருக்கின்றன. இரண்டாம் பாதியை இந்தப் பிள்ளை அப்படியே எழுதினால் புள்ளி போய்விடும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நிறுவனத்திடம் 10 இலட்சம் பங்குகள், ஒவ்வொன்றும் 100 ரூபாய். மொத்தப் பெறுமதி 10 கோடி. அதற்குள் 1 கோடி சும்மா கிடக்கும் காசு. ஆண்டு இலாபம் 1 கோடியே 20 இலட்சம், அதாவது பங்குக்கான உழைப்பு 12 ரூபாய். விலை உழைப்பைப் போல 8.33 மடங்கு.

அந்த 1 கோடியைப் பங்கிலாபமாகக் கொடுத்தால் பங்குக்கு 10 ரூபாய். விலை 90 ஆகிறது, உழைப்பு 12தான், மடங்கு 7.5. அதே 1 கோடியால் 100 ரூபாய் வீதம் பங்குகளை மீள வாங்கினால் 1 இலட்சம் பங்குகள் மறைகின்றன. மிஞ்சிய 9 இலட்சம் பங்குகள் 9 கோடி பெறும், விலை 100. பங்குக்கான உழைப்பு 13.33 ஆக ஏறிவிட்டது, நீங்கள் சொன்னபடியே. ஆனால் 100ஐ 13.33ஆல் பிரியுங்கள், மீண்டும் 7.5. இரண்டு வழியிலும் மடங்கு ஒரே அளவுக்கு இறங்குகிறது. போனது அதே 1 கோடி என்பதுதான் காரணம்.

100 பங்கு வைத்திருப்பவருக்கு முதல் வழியில் 9,000 ரூபாய்ப் பங்கும் 1,000 ரூபாய்க் காசும். இரண்டாம் வழியில் 10,000 ரூபாய்ப் பங்கு. காசு வேண்டுமென்றால் 10 பங்கை விற்றால் முதல் வழிக்கே வந்துவிடுவார். மில்லரும் மொடிக்லியானியும் சொன்னது இவ்வளவுதான். வரி இல்லை, தரகுச் செலவு இல்லை, முகாமைக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும், முதலீட்டுத் திட்டம் மாறாது என்ற நிபந்தனைகளுக்குள் அது அசைக்க முடியாத கணக்கு. கட்டுரையில் அதை ஒரு பக்கம் புகழவும் வேண்டாம், “நடைமுறைக்கு ஒவ்வாது” என்று ஒரே வரியில் தள்ளவும் வேண்டாம். எந்த நிபந்தனையை உடைத்தால் எந்தக் கோட்பாடு பிறக்கிறது என்று காட்டுவதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். “எல்லோருக்கும் தெரியும்” என்பதை உடைத்தால் சமிக்ஞை. “வரியும் செலவும் இல்லை” என்பதை உடைத்தால் வாடிக்கைக் குழு.

ஒட்டுசுட்டான் பங்குப்பித்தன்:

கணக்கு விளங்குகிறது. ஆனால் யாரும் சந்தை விலைக்கே மீள வாங்குவதில்லையே, கூடுதலாகக் கொடுத்துத்தானே வாங்குகிறார்கள்?

ஐந்தொகை (வவுனியா):

நல்ல கேள்வி, சமிக்ஞை அங்கேதான் நுழைகிறது. அதே நிறுவனம் 125 ரூபாய்க்கு வாங்குகிறது என்று வையுங்கள். 1 கோடிக்கு 80,000 பங்குகள். மிஞ்சிய 9 இலட்சத்து 20 ஆயிரம் பங்குகள் 9 கோடி பெறும், பங்கு ஒன்று 97 ரூபாய் 83 சதம். விற்றவர்கள் 20 இலட்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு போகிறார்கள், விற்காதவர்கள் அதே 20 இலட்சத்தை இழக்கிறார்கள். பங்கின் உண்மைப் பெறுமதி 100 மட்டுமே என்றால் நடப்பது இது.

இப்போது பணிப்பாளர்கள் தங்கள் பங்கை விற்காமல் வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். தங்கள் கையிலிருந்தே இழக்கத் துணிகிறார்கள் என்றால், பங்கு 125ஐத் தாண்டிப் பெறும் என்று அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். வெர்மாலன் 1981இல் மீள்கொள்வனவை இப்படித்தான் விளக்கினார். சமிக்ஞைக்கு நம்பகம் கிடைப்பது அதன் செலவால். பணிப்பாளர்களும் சேர்ந்து விற்றால் அதே அறிவிப்பின் பொருளே மாறிவிடும். பரீட்சகர் தேடுவது இந்த வரியைத்தான்.

முல்லைக் கடலோரம்:

எங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு ஆண்டாகப் பங்கிலாபம் தரவில்லை. நிர்வாகம் கேட்டால் வலைக் களஞ்சியம் திருத்துகிறோம் என்கிறது. இந்தச் சமிக்ஞைக் கோட்பாட்டின்படி சங்கம் கவிழப் போகிறது என்று பொருளா? பங்கை இப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாமா? அதுவும் மீள்கொள்வனவுதானே?

ஐந்தொகை (வவுனியா):

அண்ணா, இந்த வினா சந்தையில் விலை போடப்படும் பங்கைப் பற்றியது. உங்கள் சங்கப் பங்கை எடுத்த விலைக்கே திருப்பித் தருவார்கள். விலை ஏறி இறங்க இடமே இல்லாதபோது சமிக்ஞை எதில் பதியும்? தவிர, நீங்கள் அங்கத்தவர். கணக்கறிக்கையைப் பொதுக்கூட்டத்தில் நேரே கேட்கலாம். உள்ளே நடப்பது வெளியே தெரியாத இடத்தில்தான் பங்கிலாபத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய தேவை வருகிறது. களஞ்சியச் செலவுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் உங்களுக்கு உதவும்.

முல்லைக் கடலோரம்:

பொதுக்கூட்டமே நடக்கவில்லை. அது வேறு கதை.

கிளிநொச்சி ஓய்வாசிரியர்:

பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். என் அனுபவத்தையும் சொல்கிறேன். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பகுதிக்கு வங்கிப் பங்குகள் வாங்கினேன். எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். ஆண்டுக்கு ஒரு தடவை வரும் பங்கிலாபத்தில்தான் வயலுக்கு உழவுக்கூலியும் உரமும். 2020இல் காசு வரவில்லை. பதிலுக்குக் கொஞ்சம் புதிய பங்குகளைக் கணக்கில் வரவு வைத்தார்கள். பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்து உழவு இயந்திரக்காரரை அழைக்க முடியுமா?

பத்துப் பங்கை விற்றால் காசு என்று ஐந்தொகை தம்பி எழுதியிருக்கிறார். விற்றுத்தான் பார்த்தேன். நான் விற்ற நேரம் விலை படுத்துக் கிடந்தது. தரகுக் கட்டணமும் வரியும் சேர்ந்து நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போனது. அதைவிட, முதலைக் கரைக்கிறோம் என்ற நினைப்பே இரவில் தூங்க விடவில்லை. மில்லரும் மற்றவரும் ஓய்வூதியத்தில் வாழ்ந்து பார்த்தவர்களா என்று எனக்குத் தெரியாது. அந்த வங்கி அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம் என்று இன்றுவரை நம்புகிறேன்.

ஐந்தொகை (வவுனியா):

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் கடைசி வரியை ஏற்கமாட்டேன். தங்கச்சி, இதைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதற்குள் இருக்கிறது.

2020இல் கொவிட் காலத்தில் மத்திய வங்கியே உரிமம் பெற்ற வங்கிகளுக்குப் பணிப்பு விடுத்தது: காசுப் பங்கிலாபத்தை அறிவிக்காதே, சொந்தப் பங்குகளை மீள வாங்காதே, மூலதனத்தைக் காப்பாற்று. பணிப்பு நல்ல வங்கிக்கும் மெலிந்த வங்கிக்கும் ஒன்றுதான். சமிக்ஞை என்றால் வலுவான நிறுவனம் செய்யக்கூடியதை மெலிந்த நிறுவனம் செய்ய முடியாமல் இருக்க வேண்டும். எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டால் யார் யாரென்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆகவே ஐயாவின் வங்கி காசு தராதது அந்த வங்கியைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. வங்கித்துறை முழுவதையும் பற்றி மத்திய வங்கி என்ன நினைத்தது என்பதை அது சொன்னது. அது வேறு செய்தி.

ஆனால் ஐயா பட்ட பாடு உண்மை. காசு வரவு வேண்டும் என்றே வங்கிப் பங்கைத் தெரிந்தெடுத்தவர் அவர். வரவு நின்றதும் விற்க வேண்டி வந்தது, தரகு கொடுக்க வேண்டி வந்தது, மனமும் நொந்தது. வாடிக்கைக் குழு என்பது இதுதான். சமிக்ஞை வெறுமையாக இருந்த இடத்தில் வாடிக்கைக் குழுவின் வலி மட்டும் தனியாக நின்றது. இரண்டும் ஒரே விளைவைத்தான் சொல்கின்றன என்றீர்கள். நிறுத்தியது யார், தானாக நிறுத்தினார்களா கட்டாயத்தின் பேரிலா என்று கேட்டால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

கிளிநொச்சி ஓய்வாசிரியர்:

விளக்கம் நன்று. என் சந்தேகம் முழுவதும் போகவில்லை. பணிப்பு தளர்ந்த பிறகு ஒவ்வொரு வங்கியும் எவ்வளவு சீக்கிரம் காசு கொடுக்கத் தொடங்கியது என்பதில் வித்தியாசம் இருந்ததல்லவா?

ஐந்தொகை (வவுனியா):

அதைச் சொன்னீர்கள் பாருங்கள், ஐயா. கயிறு அவிழ்ந்த பிறகு யார் முதலில் எழுந்தார் என்பது சமிக்ஞைதான். அந்த அளவில் நீங்கள் சொல்வதே சரி.

நெடுங்கேணி நிலா:

நான் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். சமிக்ஞைக் கோட்பாட்டுக்கு இங்கே தேவைக்கு மேல் இடம் கொடுக்கப்படுகிறது என்று நினைக்கிறேன். கோட்பாடு அழகானதுதான். பட்டாச்சாரியா 1979இல் காட்டியபடி, அதிக பங்கிலாபத்துக்கு வாக்குக் கொடுத்த நிறுவனம் காசு போதாத ஆண்டில் வெளியே கடன் தேடி அலைய வேண்டும். அந்தச் செலவை மெலிந்த நிறுவனம் தாங்காது, ஆகவே அது வாக்கே கொடுக்காது. கடன் தவணை கட்ட முடியாதவர் மகளின் கல்யாணத்துக்குப் பெரிய மண்டபம் எடுப்பதைப் போன்றது. ஒரு தடவை ஊரை நம்பவைக்கலாம், அடுத்த தடவைக்குக் கடன்காரர் வாசலில் நிற்பார்.

ஆனால் தரவு என்ன சொல்கிறது? பெனார்ட்சி, மைக்கேலி, தேலர் மூவரும் 1997இல் பங்கிலாப மாற்றத்துக்குப் பின் இலாபம் எப்படிப் போனது என்று பார்த்தார்கள். கூட்டிய நிறுவனங்களின் இலாபம் அதற்கு முன்னரே ஏறியிருந்தது. பிறகு எதிர்பாராத வளர்ச்சி ஒன்றும் வரவில்லை. குறைத்த நிறுவனங்களின் இலாபமோ அடுத்த ஆண்டில் ஏறியது. எதிர்காலத்தைச் சொல்ல வேண்டிய சமிக்ஞை கடந்த காலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. முகாமையாளர்களையே கேட்டபோதும் அப்படித்தான். பிராவ், கிரஹாம், ஹார்வி, மைக்கேலி 2005இல் வெளியிட்ட ஆய்வில் 384 நிதி அதிகாரிகள் பதில் சொன்னார்கள். பங்கிலாபம் செய்தி சொல்லும் என்று பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். போட்டியாளரிலிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட வேண்டுமென்று செலவைத் தாங்கிக் கொடுக்கிறோம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

சமிக்ஞைக்கு ஆறு புள்ளி, வாடிக்கைக் குழுவுக்குப் பத்து என்று நான் எழுதுவேன்.

ஐந்தொகை (வவுனியா):

நிலா சொன்ன ஆய்வுகள் இரண்டும் கட்டுரைக்குள் போக வேண்டியவை. தீர்ப்பில்தான் வேறுபடுகிறேன். “இலாபம் ஏறிவிட்டது, இனி இறங்காது” என்று சொல்வதும் செய்திதான். லின்ட்னர் 1956இலேயே கண்டது அதுதான்: முகாமையாளர்கள் குறைப்பதற்கு அஞ்சுகிறார்கள், ஆகவே இலாபம் நிலைக்கும் என்று தெரிந்த பிறகே மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். வளர்ச்சியைப் பற்றிய சமிக்ஞை இல்லை, நிலைப்பைப் பற்றியது.

அதே 2005 ஆய்வு வாடிக்கைக் குழுவுக்கும் முழு ஆதரவு தரவில்லை. பங்குதாரரின் வரியை முதன்மைக் காரணமாக நினைக்கவில்லை என்றுதான் அந்த அதிகாரிகள் சொன்னார்கள். வெட்டு இரண்டு பக்கமும் விழுகிறது.

இன்னொன்றையும் பலர் தலைகீழாக எழுதுகிறார்கள். காசு விரும்புவோர் இருப்பதால் பங்கிலாபம் கொடுக்கும் நிறுவனத்துக்குப் பெறுமதி கூடும் என்று வாடிக்கைக் குழுக் கோட்பாடு சொல்லவில்லை. காசு விரும்புவோருக்குப் போதிய நிறுவனங்கள் ஏற்கெனவே இருந்தால் இன்னொரு நிறுவனம் அந்தப் பக்கம் சாய்ந்து ஒன்றும் சம்பாதிக்காது. ஒரு குழு இன்னொரு குழுவுக்கு ஈடுதான். இந்தக் கருத்து மில்லர், மொடிக்லியானியின் 1961 கட்டுரையிலேயே இருக்கிறது. ஆகவே பங்கிலாபத்தின் மட்டத்தைப் பொறுத்தவரை வாடிக்கைக் குழு அவர்கள் பக்கம் நிற்கிறது. சட்டென்று கொள்கையை மாற்றும்போது மட்டும் செலவு வருகிறது: பழையவர் விற்க வேண்டும், புதியவர் வர வேண்டும், இடையில் விலை தடுமாறும்.

மாங்குளத்து மாணவி:

அப்படியென்றால் அது தற்காலிக வீழ்ச்சியாக இருக்க வேண்டும் அல்லவா? சமிக்ஞை என்றால் விலை விழுந்த இடத்திலேயே நிற்கும், குழு மாற்றம் என்றால் திரும்பி வரும். இதைக் காட்ட உண்மையான நிகழ்வு ஏதாவது இருக்கிறதா, அண்ணா?

ஐந்தொகை (வவுனியா):

இருக்கிறது. இந்த ஒன்றை நன்றாகப் படித்தால் போதும், பத்து நிறுவனங்களின் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவின் புளோரிடாவில் எஃப்பிஎல் என்ற மின்சாரக் குழுமம். மின்சார நிறுவனப் பங்கு என்றால் ஐயாவைப் போன்றவர்கள் வாங்குவது: பெரிய வளர்ச்சி இல்லை, பங்கிலாபம் தவறாது. எஃப்பிஎல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பங்கிலாபத்தை ஆண்டுதோறும் கூட்டியே வந்தது. இலாபத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை பங்குதாரருக்குப் போய்க்கொண்டிருந்தது. 1992இல் வந்த சக்திச் சட்டம் மின்சாரத் துறைக்குள் போட்டிக்குக் கதவைத் திறந்தது. போட்டி வரும்போது கையில் காசு வேண்டும் என்று முகாமை கணக்குப் போட்டது.

1994 மே 9 அன்று காலாண்டுப் பங்கிலாபத்தை 62 சதத்திலிருந்து 42 சதமாகக் குறைத்தார்கள். ஏறத்தாழ மூன்றிலொரு பகுதி வெட்டு. நிறுவனம் நொடிக்கவில்லை. இனி இலாபத்தில் நூற்றுக்கு 60 முதல் 65 வரை கொடுப்போம், அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒரு கோடிப் பங்குகள் வரை மீள வாங்குவோம் என்று அதே அறிவிப்பில் சொன்னார்கள். காரணத்தையும் விளக்கினார்கள். அப்படியிருந்தும் அன்று பங்கு 31.88 டொலரிலிருந்து 27.50க்கு விழுந்தது, ஏறத்தாழ நூற்றுக்கு 14.

அன்று மட்டும் பார்த்தால் சமிக்ஞைக் கோட்பாடு வென்றுவிட்டது. வெட்டு என்றால் கெட்ட செய்தி, அவ்வளவுதான். ஆனால் அதே மாத முடிவுக்குள், அந்தக் காலாண்டின் 42 சதத்தையும் சேர்த்துப் பார்த்தால், விலை 32.17க்கு வந்துவிட்டது, அறிவிப்புக்கு முன் இருந்ததற்கும் சற்று மேல். ஜூன் நடுப்பகுதிக்குள் எகிறியிருந்த வர்த்தக அளவும் வழமைக்குத் திரும்பியது. 1995 மே நடுப்பகுதியில் விலை 37.75. பங்கிலாபத்தோடு சேர்த்து ஓராண்டு வருமானம் நூற்றுக்கு 23.8.

இதை வாடிக்கைக் குழு இப்படி வாசிக்கும்: வரவுக்காக வைத்திருந்தவர்கள் முதல் நாளிலேயே விற்றுத் தள்ளினார்கள், பங்கிலாபத்துக்குக் கூடுதல் வரி கட்டுபவர்களும் வளர்ச்சியை விரும்புபவர்களும் மெல்ல வந்து வாங்கினார்கள், கை மாறி முடிந்ததும் விலை எழுந்தது. வர்த்தக அளவு ஏறி இறங்கியது அதற்குச் சாட்சி.

ஒட்டுசுட்டான் பங்குப்பித்தன்:

ஒரு நிமிடம். அந்த ஆண்டு சந்தையே ஏறியிருந்தால்? கடல் ஏறும்போது எல்லாத் தோணியும் ஏறத்தானே செய்யும்.

ஐந்தொகை (வவுனியா):

கேட்க வேண்டிய கேள்விதான். அதே காலத்தில் எஸ் அன்ட் பி 500 சுட்டியின் வருமானம் நூற்றுக்கு 11.2, அதன் மின்சாரம் போன்ற பொதுப் பயன்பாட்டு நிறுவனங்களின் சுட்டிக்கு 14.2. எஃப்பிஎல் இரண்டையும் தாண்டியது.

நெடுங்கேணி நிலா:

ஒரே நிறுவனம், ஒரே நிகழ்வு. அதை வைத்துக் கோட்பாட்டுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. இன்னொன்று, விலை திரும்பியதைச் சமிக்ஞைக்காரரும் தங்கள் பக்கம் இழுக்கலாம். முதல் நாள் சந்தை தவறாக வாசித்தது, பிறகு மீள்கொள்வனவு என்ற இரண்டாவது சமிக்ஞையைச் சரியாக வாசித்தது என்பார்கள். உங்கள் “தற்காலிகம்” என்ற சோதனை அவ்வளவு கூர்மையானது இல்லை.

ஐந்தொகை (வவுனியா):

ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். விலையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பங்குப் பதிவேட்டில் யார் போனார், யார் வந்தார் என்று பார்த்தால் கொஞ்சம் கூர்மை கூடும். இந்த ஐயத்தையே கட்டுரையில் ஒரு பந்தியாக எழுதினால் “சமநிலையாக” என்ற சொல்லுக்கு அதுவே பதில்.

மாங்குளத்து மாணவி:

இலங்கையை எடுத்துக்கொண்டால்? 2023 தொடக்கம் பங்கிலாபத்துக்கு நூற்றுக்கு 15 வரி பிடிக்கிறார்கள். கொழும்புச் சந்தையில் விற்று வரும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. அப்படியென்றால் எல்லா நிறுவனங்களும் மீள்கொள்வனவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லையே?

நெடுங்கேணி நிலா:

இங்கே பெரும்பாலான பட்டியலிட்ட நிறுவனங்களில் பாதிக்கு மேல் ஒரே கையில் இருக்கிறது, தாய் நிறுவனமோ குடும்பமோ. அவர்களுக்குச் சமிக்ஞை தேவையில்லை, பணிப்பாளர் சபையில் அவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஆண்டுதோறும் காசு. மீள்கொள்வனவு என்றால் தங்கள் பங்கிலும் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது விற்காமலிருந்து காசே வராமல் இருக்க வேண்டும். அமெரிக்காவின் பரந்த பங்குடைமையை நினைத்து எழுதிய கோட்பாட்டை இங்கே அப்படியே ஒட்ட முடியாது.

ஐந்தொகை (வவுனியா):

அதோடு சட்டமும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி பங்கிலாபமானாலும் மீள்கொள்வனவானாலும் கடன்தீர் சோதனையில் தேற வேண்டும். வழமையான தொழிலில் கடன்களை உரிய நேரத்தில் கட்ட முடிய வேண்டும், கட்டிய பிறகும் சொத்துகள் பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் சேர்த்ததைவிடக் கூட இருக்க வேண்டும். சமிக்ஞைக்காகக் கடன் எடுத்துப் பங்கிலாபம் கொடுக்க நினைக்கும் மெலிந்த நிறுவனத்தை இந்தச் சோதனையே தடுத்துவிடலாம்.

ஒட்டுசுட்டான் பங்குப்பித்தன்:

நிறுவனமே நேரடியாக என்னிடம் மீள வாங்கினால் வரும் இலாபத்துக்கும் வரி இல்லைதானே?

ஐந்தொகை (வவுனியா):

தம்பி, சந்தையில் இன்னொருவருக்கு விற்பதும் நிறுவனத்திடமே திருப்பிக் கொடுப்பதும் வரிச் சட்டத்துக்கு ஒன்றாகவே தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய தொகை என்றால் வரி ஆலோசகரைப் பாருங்கள். பரீட்சையில் “இந்த வரி வேறுபாடு வாடிக்கைக் குழுக்களை உருவாக்கக்கூடும்” என்பதோடு நிறுத்துவது பாதுகாப்பு.

மாங்குளத்து மாணவி:

நடுப்பகுதியை மாற்றி எழுதினேன். பாருங்கள்:

“பங்கிலாபக் குறைப்பின்போது விலை விழுவதை இரண்டு கோட்பாடுகளும் எதிர்பார்க்கின்றன. ஆகவே வீழ்ச்சியை மட்டும் காட்டி எதையும் நிறுவ முடியாது. குறைப்பு கட்டாயத்தால் வந்தபோது, 2020இல் இலங்கை வங்கிகளுக்கு நேர்ந்ததைப் போல, அது தனி நிறுவனத்தைப் பற்றிய செய்தியைத் தாங்குவதில்லை. வரவை நம்பிய பங்குதாரரின் செலவு மட்டும் மிஞ்சுகிறது. குறைப்பு விருப்பத்தால் வந்தபோது, 1994இல் எஃப்பிஎல் செய்ததைப் போல, செய்தியும் குழு மாற்றமும் கலந்தே வருகின்றன. விலை ஒரு மாதத்துக்குள் மீண்டதும் வர்த்தக அளவு தணிந்ததும் குழு மாற்றத்தின் பக்கம் சாய்கின்றன. ஆயினும் மீள்கொள்வனவு என்ற இரண்டாவது சமிக்ஞை முதலாவதைத் திருத்தியது என்ற வாசிப்பை அவை விலக்கவில்லை. பங்கிலாபத்தின் மட்டத்தைப் பொறுத்து மில்லர், மொடிக்லியானியின் முடிவு பெரும்பாலும் நிற்கிறது. மாற்றத்தைப் பொறுத்து அது நிற்கவில்லை.”

நெடுங்கேணி நிலா:

“பெரும்பாலும் நிற்கிறது” என்பதற்கு முன் “காசு விரும்புவோருக்குப் போதிய நிறுவனங்கள் இருந்தால்” என்ற நிபந்தனையைச் சேருங்கள். இங்கே அப்படிப் போதிய நிறுவனங்கள் இருக்கின்றனவா என்பதில் எனக்கு ஐயம்.

கிளிநொச்சி ஓய்வாசிரியர்:

எனக்கும். தேடித்தான் களைத்துப்போனேன், மகளே.

ஐந்தொகை (வவுனியா):

நிபந்தனையைச் சேருங்கள். மீள்கொள்வனவுக் கணக்கை அதற்கு முன்னால் சிறு அட்டவணையாகப் போடுங்கள். விலை, உழைப்பு, மடங்கு என்று மூன்று நிரல் போதும். 7.5 இரண்டு வரியிலும் ஒன்றுபோல விழுவதைத் திருத்துபவர் ஒரு பார்வையில் பிடித்துக்கொள்வார்.